முன்சீட்டுத் தபால்காரன்

எண்பதுகளின் கடைசியில் பரமத்தி வேலூரிலிருந்து திருச்செந்தூருக்குக் காரில் போவதென்றால் ஒரு பகல் முழுக்க வேண்டும். கரூர், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி என்று ஏறக்குறைய 350 கிலோமீட்டர். வாடகை அம்பாசடரில் டிரைவர் போக எட்டுப் பேர். எழுபதைத் தாண்டிய அப்புச்சியிலிருந்து மடியில் உட்காரும் தம்பி வரைக்கும் எல்லா வயதும் இருந்தது.

யார் எங்கே உட்காருவது என்பதைப் பெரியம்மாதான் முடிவு செய்வார். அப்புச்சிக்குக் காது மந்தம். கால் நீட்ட முன்சீட்டுத்தான் வசதி. ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டால் காற்று இரைச்சலில் பின்னால் பேசுவது ஒன்றும் அவருக்கு எட்டாது. பின்சீட்டில் சிரிப்பு கேட்டால் திரும்பிப் பார்ப்பார். கழுத்து வலித்ததும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஊமையாகிவிடுவார். அந்த வண்டியில் கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருந்ததால் முன்சீட்டு நடுவில் ஒரு ஆள் உட்காரலாம். அந்த இடம் எனக்கு. பின்னால் பேசுவதை அப்புச்சி காதில் சொல்ல வேண்டும். அவர் சொல்வதைப் பின்னால் கத்த வேண்டும். சலித்துப்போய் நான் சுருக்கிச் சொன்னால் பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும். எல்லாரும் சிரித்து முடித்த பிறகும் அப்புச்சி தோள் குலுங்கவில்லையே! "முழுசா சொல்லு கண்ணு" என்று முதுகில் ஒரு தட்டு விழும்.

காவிரிப் பாலம் ஏறியதும் பேச்சு அப்புச்சியுடையது. ராஜவாய்க்காலில் தண்ணீர் விட்ட நாள், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளியது, பூவன் தார் விலை எல்லாம் வரும். விட்டால் மதுரை வரை போகும். பெரியம்மா அதை நிறுத்தச் சொன்னதே இல்லை. கரூரில் அமராவதிப் பாலம் தாண்டியதும், "ஏனுங்கப்பா, இது காவேரியில எங்கீங்க சேருது?" என்பார். "திருமுக்கூடலூர்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். கேட்டது அவரைத்தான், அதனால் மனத்தாங்கல் இல்லை. கதையும் ஆற்றோடு அங்கேயே நின்றுவிடும்.

அரவக்குறிச்சிப் பக்கம் வந்தால் நிலமே மாறும். வாழையும் வெற்றிலையும் போய்க் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், மேய்கிற ஆடு, பிறகு முருங்கைத் தோட்டம். அம்மாயி பிறந்த சீமை அது. வீட்டில் அப்புச்சி முன்னால் வாய் திறக்காதவர், இங்கே கேட்காமலே பேசுவார். கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் எப்படி மழைக்குக் காத்துக் கிடக்கும், எந்த ஆடு வேலி தாண்டும் என்று. வாய்க்கால் பாசனக்காரரான அப்புச்சிக்கு இதில் ஒன்றும் தெரியாது. என் வாய் வழியாகக் கேட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார். எனக்கு இந்தப் பகுதிதான் பிடிக்கும்.

மதுரை, அங்கே காலேஜில் படித்த மாமாவுக்கு. அதை விடுங்கள், கேண்டீன் பரோட்டாவைத் தவிர அவர் ஒன்றும் சொன்னதில்லை.

அக்காவை இழுப்பதுதான் கஷ்டம். பதினஞ்சு வயசு. "என்ன படிக்கிற, எத்தனை மார்க்கு?" என்று மாமா கேட்டால் இரண்டு சொல்லில் பதில், பிறகு ஜன்னல். பெரியம்மா அவளிடம் கேள்வியே கேட்கமாட்டார். மாமாவும் அம்மாவும் எதிலாவது முட்டிக்கொள்ளும்போது, "யார் சொல்றது செரி, நீ சொல்லு" என்று தீர்ப்பை அவளிடம் விடுவார். தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? ஆனால் பாகப்பிரிவினைப் பேச்சு தலைகாட்டினால் மட்டும் இந்த வித்தை செல்லாது. அப்போது டிரைவரிடம், "டீக்கடை கண்டா நிறுத்துங் தம்பி" என்பார். இறங்கி ஏறும்போது மாமாவின் இடம் மாறியிருக்கும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் யாரையும் எழுப்பக் கூடாது.

அருப்புக்கோட்டை தாண்டிக் கரிசல் விரிந்ததும் எங்களில் யாருக்கும் தெரிந்த ஊர் கிடையாது. பெரியவர்கள் சொல்ல ஒன்றும் இல்லாததால் அது பிள்ளைகள் நேரம். விடுகதை போட வேண்டும். பழசு ஆகாது, அங்கேயே கட்ட வேண்டும். விடை ஜன்னலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு தடவை மாட்டு வண்டி, பனை என்று ஓடிக்கொண்டிருந்தது. தூத்துக்குடி தாண்டி உப்பளம் வந்தது, ஓலை போர்த்திய வெள்ளைக் குவியல்கள். தம்பி எழுந்து நின்று கத்தினான்:

"வெயில் அடிச்சா வளரும், மழை பேஞ்சா கொறையும், அது என்ன?"

நான் அப்புச்சி காதில் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"கடன்."

பின்சீட்டு அதிர்ந்தது. தம்பி அழுகிற மாதிரி ஆகிவிட்டான்: விடை உப்பு, கடன் ஜன்னலில் தெரியாது, அதனால் செல்லாது. தீர்ப்பு அக்காவிடம் போனது. அவள் வாய் திறப்பதற்குள் அம்மாயி முந்திக்கொண்டார்.

"ஜன்னல்ல எதுக்குடா பாக்கோணும் சாமி? அதுதான் முன்சீட்டுல ஒக்காந்திருக்குதே."

அதை அப்புச்சியிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் முழித்தேன். "முழுசா சொல்லு கண்ணு" என்றார் பெரியம்மா.