கட்டிலுக்கும் வார்ட்ரோபுக்கும் நடுவே ஒரு வாக்கர்



இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அக்கா எங்களோடு வந்து தங்கப்போகிறார் என்று முன்பே எழுதியிருந்தேன். அவருக்காக ஒதுக்கிய அறை உள்ளளவில் 11 அடிக்கு 10 அடி. மேற்குச் சுவரில் 6 அடி அகலத்துக்கு ஒரு வார்ட்ரோப், 2 அடி ஆழம், இரண்டடி அகலத்தில் மூன்று ஷட்டர் என்று ஆசாரி தம்பி ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தார். கட்டில் 5 அடி அகலம். கட்டிலுக்கும் கிழக்குச் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடி மேசை. மீதி இரண்டரை அடி நடைபாதை.

"ரெண்டரை அடி தாராளம் சார்" என்றார். நடப்பவருக்குத் தாராளம்தான். வாக்கர் பிடித்து நடப்பவருக்கு? பிளைவுட் அறுப்பதற்கு இரண்டு நாள் இருந்தது. அறுத்துவிட்டால் பலகையும் கூலியும் போனதுதான். அதனால் அறையைக் கணினியில் கட்டிப் பார்த்தேன். எப்படிச் செய்தேன் என்று கேட்டவர்களுக்காகவே இந்தப் பதிவு.

மென்பொருளின் பெயர் ஸ்கெட்ச்அப். பிரௌசரிலேயே ஓடும் இலவசப் பதிப்பு போதும், கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். சக்கரம் உள்ள மவுஸ் அவசியம். சக்கரத்தை அழுத்திப் பிடித்து நகர்த்தினால் படத்தைச் சுற்றிப் பார்க்கலாம். லேப்டாப்பின் டச்பேடில் முயன்றால் விரல் வலிக்கும்.

தொடங்கும்போது அடி, அங்குல டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுங்கள். `R` அழுத்தினால் செவ்வகம் வரும். ஒரு மூலையைக் கிளிக் செய்து, மவுஸைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, எந்தப் பெட்டியையும் தேடாமல் அப்படியே தட்டச்சு செய்யுங்கள்:

```
11',10'
```

Enter அடித்தால் அறையின் தரை தயார். அந்த ஒற்றை மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள். வெறும் 11,10 என்று அடித்தால் இந்த டெம்ப்ளேட்டில் அது அங்குலம். ஒரு தபால் உறை அளவுக்குச் செவ்வகம் வரும், திரையில் எங்கே என்று தேடுவீர்கள். நீளமும் அகலமும் இடம் மாறி விழுந்தால் பயமில்லை. அடுத்த வேலையைத் தொடங்கும் முன் எண்களை மாற்றி மறுபடி அடித்தால் அதுவே திருத்திக்கொள்ளும்.

அடுத்து `F`. தரையின் ஓரத்தைப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்து `9"` என்று கொடுத்தால், சுற்றிலும் ஒன்பது அங்குலச் சுவருக்கான பட்டை விழும். இப்போது `P`. இதுதான் Push/Pull. தட்டையான ஒரு முகத்தைப் பிடித்து மேலே இழுத்தால் அது பருமன் கொண்ட பொருளாகிவிடும். பட்டையைப் பிடித்து மேலே இழுத்து `9'6"` கொடுத்தேன். நான்கு சுவரும் ஒன்றாக எழுந்தன. கூரை போட வேண்டாம், மேலேயிருந்து பார்க்க வேண்டுமே.

புஷ்-புல் குழி தோண்டவும் செய்யும். தெற்குச் சுவரின் உட்புறத்தில் கிழக்கு மூலைப் பக்கமாக வாசல் அளவுக்கு ஒரு செவ்வகம் வரைந்து, அதைச் சரியாக ஒன்பது அங்குலம் உள்ளே தள்ளினால் சுவர் திறந்துகொள்ளும். அந்தப் பக்கம் வெளியே தெரிந்தால் சரி. சாம்பல் நிற முகம் மறைத்து நின்றால், தள்ளிய ஆழமும் சுவர்ப் பருமனும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

இனி முக்கியமான இடம். ஸ்கெட்ச்அப்பில் ஒன்றைத் தொட்டு வரைந்த இன்னொன்று பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். தரையின் மேல் நேரடியாகக் கட்டிலை வரைந்து பிறகு நகர்த்தினால், தரையும் சேர்ந்து கிழிந்துகொண்டு வரும். இதைத் தடுப்பதுதான் குரூப். தேர்வு அம்புக்கு ஸ்பேஸ் பாரைத் தட்டி, சுவரை மூன்று முறை அடுத்தடுத்துக் கிளிக் செய்தால் ஒட்டியிருக்கும் அத்தனையும் தேர்வாகும். வலது கிளிக், Make Group. அவ்வளவுதான். இப்போது அறை தனிப் பொருள். அதன் மேல் எதை வரைந்தாலும் ஒட்டாது.

குரூப் ஆகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு முறை கிளிக் செய்யுங்கள். முழுப் பொருளையும் சுற்றி நீலக் கோட்டில் ஒரு பெட்டி தெரிந்தால் ஆகிவிட்டது. ஒரு முகம் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஆகவில்லை. ஒரு பொருளை முடித்ததும் அதைக் குரூப் ஆக்கிவிட்டுத்தான் அடுத்த பொருளைத் தொட வேண்டும். கட்டிலும் இப்படித்தான்: `5',6'6"` செவ்வகம், ஒன்றரை அடி உயரம், குரூப். கால், தலைப்பலகை எதுவும் வேண்டாம். அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதுதான் நமக்குத் தேவை. மேசையும் ஒரு பெட்டி, வார்ட்ரோபின் கூடும் ஒரு பெட்டி. ஆசாரி சொன்ன 2 அடி ஆழம் ஷட்டரையும் சேர்த்தது என்பதால், கூட்டை ஒரு அங்குலம் குறைத்து வரைந்தேன்.

ஷட்டருக்கு மட்டும் குரூப் போதாது. ஒரே மாதிரி மூன்று இருக்கின்றன. இங்கேதான் காம்பொனென்ட். ஒரு ஷட்டரை 2 அடி அகலம், 7 அடி உயரம் வரைந்து பருமனுக்கு `18mm` என்று கொடுத்தேன். நம் ஊரில் அறையை அடியில் அளப்போம், பிளைவுட்டை மில்லிமீட்டரில் வாங்குவோம். அலகையும் சேர்த்து அடித்தால் மென்பொருளே மாற்றிக்கொள்கிறது. பிறகு மூன்று முறை கிளிக், `G`. அது காம்பொனென்ட். `M` அழுத்தி, Ctrl தட்டி, நகர்த்தினால் நகல் விழும். இந்த நகல்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றை இருமுறை கிளிக் செய்து உள்ளே போய் எதை மாற்றினாலும் எல்லாவற்றிலும் மாறும். ஒன்று மட்டும் வேறாக வேண்டுமானால் முதலில் வலது கிளிக்கில் Make Unique கொடுத்துப் பிரித்துவிட வேண்டும்.

இதுவரை வரைந்தது தாளில் இருந்த அதே படம்தான். ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. நடைபாதை இரண்டரை அடி, ஆசாரி சொன்னபடியே. அப்புறம் இரண்டு பொருள்களைச் சேர்த்தேன்.

ஒன்று, திறந்த ஷட்டர். `Q` அழுத்தி, மேல்நோக்கு அம்புக்குறி விசையைத் தட்டினால் சுழற்சி வட்டம் தரைக்குப் படுக்கையாக நிற்கும், நீலமாகத் தெரியும். கீல் வரும் மூலையைக் கிளிக் செய்து, அடுத்து ஷட்டரின் மறுமுனையைக் கிளிக் செய்து, அறைப்பக்கம் திருப்பி 90 என்று கொடுத்தேன். ஷட்டர் நடைபாதைக்குள் இரண்டடி நீட்டிக்கொண்டு நின்றது. கட்டிலுக்கும் அதற்கும் நடுவே மிச்சம் ஆறு அங்குலம்.

இரண்டாவது, அக்கா. வாக்கரின் வெளி அகலத்தை டேப் வைத்து அளந்தேன், 24 அங்குலம். வாக்கரைப் பிடித்து நிற்கும்போது வாக்கரின் முன்காலிலிருந்து அவர் குதிகால் வரை மூன்று அடி. ஆக 2 அடிக்கு 3 அடி, உயரம் 5 அடி என ஒரு பெட்டி, குரூப். அதைப் பிடித்து அறையெங்கும் நகர்த்தினேன். நீளவாக்கில் நடைபாதையில் போனது. ஆனால் வார்ட்ரோபைப் பார்த்துத் திருப்பியதும் பெட்டியின் பின்பக்கம் ஆறு அங்குலம் கட்டிலுக்குள் புகுந்து நின்றது. அதாவது அக்கா தன் துணியை எடுக்க வார்ட்ரோபுக்கு நேரே நிற்கவே முடியாது. பக்கவாட்டில் நின்று இடுப்பைத் திருப்பித்தான் எடுக்க வேண்டும். அந்த இடுப்பைத்தான் திருப்பக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

முதலில் கட்டிலைக் கிழக்குச் சுவரோடு ஒட்டினேன். மேசையைக் கட்டிலின் மேற்குப் பக்கத்தில், தலைமாட்டோரமாக வைத்தேன். வார்ட்ரோப் தெற்கு மூலையிலிருந்து ஆறடிதான் வருகிறது, மேசை அதைத் தாண்டி வடக்கில் இருப்பதால் குறுக்கே வரவில்லை. நடைபாதை நான்கு அடி ஆனது, பெட்டி நேராக நின்றது. ஆனால் ஷட்டரைத் திறந்தால் மிச்சம் இரண்டே அடி. வாக்கரும் இரண்டடி. கை இடிக்கும்.

ஒரு ஷட்டரின் உள்ளே போய், கீல் இல்லாத பக்கத்து விளிம்பை `P` கொண்டு ஆறு அங்குலம் தள்ளினேன். மூன்றும் ஒன்றரை அடியாகச் சுருங்கின. நகர்த்தி ஒட்டவைத்து நான்காவது நகல் போட்டேன், ஆறடி நிரம்பியது. இப்போது ஒன்றைத் திறந்தாலும் இரண்டரை அடி மீதி, வாக்கருக்கு இருபுறமும் மூன்று அங்குலம். `T` அழுத்தி டேப் பிடித்துச் சரிபார்த்தேன். அப்படிப் பார்க்கும்போது டேப் கோடு சிவப்பாகவோ பச்சையாகவோ தெரிய வேண்டும். கருப்பாக இருந்தால் கோணலாக அளக்கிறீர்கள், எண் கூடுதலாகக் காட்டும்.

மறுநாள் ஆசாரி வந்ததும் திரையில் அந்தப் பெட்டியை நகர்த்திக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "ஆளையும் சேர்த்து வரைஞ்சிட்டீங்களா சார்?" என்று சிரித்தார். பிறகு அவர் சொன்னதுதான் படத்தில் இல்லாதது. "நாலு ஷட்டர்னா கீல் கூடும், அது பரவாயில்ல. ஆனா உங்க செவுரு நேரா இருக்காது சார். கம்ப்யூட்டர்ல எல்லா மூலையும் மட்டமா இருக்கும்." டேப்பை எடுத்து அறையைத் தரையோரம், இடுப்பு உயரம், தலைக்கு மேல் என மூன்று இடத்தில் அளந்தார். மேலே முக்கால் அங்குலம் குறைந்தது. ஷட்டர்களுக்கு நடுவே விட வேண்டிய சந்தையும் கணக்கில் எடுத்து, அறுக்கும் அளவை அவரே எழுதிக்கொண்டார். அது சரிதான். படம் எங்கே வைப்பது, எப்படித் திறப்பது என்று சொல்லும். அறுக்கும் அளவு ஆசாரியின் டேப்பில் இருந்துதான் வர வேண்டும்.

வார்ட்ரோப் இப்போது நான்கு ஷட்டரோடு நிற்கிறது. கட்டிலைச் சுவரோடு ஒட்டியதில் ஒரு சங்கடம் உண்டு. விரிப்பு மாற்றக் கிழக்குப் பக்கம் போக முடியாது, கட்டிலின் மேல் ஏறித்தான் செருக வேண்டும். அந்த வேலை என்னுடையது என்று ஏற்பாடு.

உங்கள் வீட்டிலும் வாக்கரோ சக்கர நாற்காலியோ இருந்தால், முதலில் அதில் ஆளை உட்கார வைத்து அல்லது நிற்க வைத்து அகலமும் நீளமும் அளந்துகொள்ளுங்கள். அந்த அளவில் ஒரு பெட்டி வரைந்து குரூப் ஆக்கிய பிறகு, கட்டில் எங்கே என்று யோசிக்கலாம். எங்காவது சிக்கினால் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.