ஐயூர்க்காரர் கேட்ட எருது

பெங்களூரில் ஒரு கருத்தரங்கில் பேச அழைத்தவர்கள், என்னைப் பற்றி 80 சொல்லில், படர்க்கையில், நானே எழுதித் தர வேண்டும் என்றார்கள். 20 வருட உத்தியோகம் 50 சொல்லில் முடிந்துவிட்டது. மீதி 30இல் என் வலது காதைச் சொல்வதா வேண்டாமா என்பதில் இரண்டு ராத்திரி போயிற்று.

ஏழு வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது, சங்கிலி அம்மாவிடம் திரும்பிப் போயிற்று. வலது காதும் கூடவே போன சங்கதி பிற்பாடுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு டெலிபோனை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, “லைன் செத்துப்போச்சு” என்று சொல்லிவிட்டு வந்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஒற்றைக் காதுக்காரனுக்குச் சத்தம் கேட்கும், எங்கிருந்து என்பது தெரியாது. இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேர்வதில் உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைப் பிடிக்கிறது. சில்க் போர்டு சந்திப்பில் ஹாரன் அடித்தால் நான் நாலு பக்கமும் திரும்புவேன். தர்ஷினியில் நின்று காபி குடிக்கையில் வலப்பக்கத்து ஆள் பேசினால், என் தலையே சுவராகி ச, த, க போன்ற மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும். எவர்சில்வர் டம்ளர்களின் இரைச்சலில் மிச்சமும் போகும். சிரித்து வைப்பேன். அவர் சொன்னது துக்கச் செய்தியாக இருந்த நாளும் உண்டு.

இதற்கு என்ன பெயர் போடுவது? 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 60 டெசிபல் இழப்பிலிருந்து கணக்கில் எடுக்கிறது, ஆனால் இரண்டு காதிலும் அந்த இழப்பு வேண்டும். எனக்கோ ஒன்றில் ஒன்றுமே கேட்காது, மற்றதில் எதிர்வீட்டுச் சண்டைவரை கேட்கும். ஆக, சட்டத்தின் பட்டியலில் நான் இல்லை. வீட்டுக்கார அம்மா கன்னடத்தில் ‘கிவுடு’ என்பார். நம் செவிதான் அங்கே கிவி. பழைய ககரத்தைக் கன்னடம் விடாமல் வைத்திருக்கிறது, நாம் சகரமாக்கிவிட்டோம். இந்த ஆராய்ச்சியில் ஒரு மணி நேரம் நிம்மதியாகக் கழிந்தது.

முன்பு ஒருமுறை, வேறொரு கூட்டத்துக்கு, ‘ஒரு காது கேளாத நிலையிலும்’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். தொகுப்பாளர் அந்த ‘நிலையிலும்’மை நீட்டிப் படித்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே கைதட்டல். எல்லா வினையும் அந்த ‘உம்’மில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் வாக்கியமே நிற்காது, ஏனென்றால் அந்த வாக்கியத்துக்கு வேறு வேலை இல்லை.

அப்போதுதான் ஐயூர் முடவனார் நினைவுக்கு வந்தார். சங்கப் புலவர்களில் இவரும் உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரும் காலைப் பெயரிலேயே சுமப்பவர்கள். அது அவர்களே வைத்துக்கொண்டதா, ஊர் கூப்பிட்டதா, யார் கண்டது. புறநானூற்று 399ஆம் பாட்டில் ஐயூர்க்காரர் தாமான் தோன்றிக்கோனிடம் பரிசில் கேட்கிறார். சமையற்காரி நெல் அள்ளுவதில் பாட்டைத் தொடங்கி, கிள்ளிவளவனைச் சுற்றிவந்து, கிணைப்பறையைப் புதுத்தோல் போர்த்திச் சரிசெய்து, சாவகாசமாக விஷயத்துக்கு வருகிறார். அவருக்கு வேண்டியது சோறில்லை, வண்டி இழுக்க ஓர் எருது. அதுவும் சேற்றில் சளைக்காத, கழுத்து வலுவுள்ள எருது. கால் நடக்காது என்ற பேச்சையே பாட்டில் காணோம். முடம் பெயரில் இருக்கிறது, பாட்டில் எருதுதான் இருக்கிறது. அரசன் வானத்து மீன்கள்போல் புள்ளி போட்ட மாட்டு மந்தையையும் ஊர்தியையும் சேர்த்துக் கொடுத்தானாம். ஒன்று கேட்டவருக்கு மந்தை கிடைத்தது அரசனின் தாராளம். ஆனால் என்ன மாதிரி எருது என்று தெளிவாகக் கேட்டது புலவரின் சாமர்த்தியம்.

நானும் எருதைக் கேட்பது என்று முடிவு செய்தேன். நிகழ்ச்சிநிரலில் அச்சாகிற, இணையத்தில் காலத்துக்கும் கிடக்கிற அந்த 80 சொல்லில் காது வராது. என் பேச்சு காதைப் பற்றியதாக இருந்தால் முதல் வரியிலேயே போட்டிருப்பேன். இது கையேடு எழுதுவதைப் பற்றிய பேச்சு. அமைப்பாளருக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம்: ‘எனக்கு வலது காது கேட்காது. எனக்கு வலப்பக்கம் யாரும் இல்லாதபடி உட்கார வையுங்கள். கேள்விகள் மைக்கில் வரட்டும், கேட்பவர் கையைத் தூக்கட்டும்.’

வேலைக்கு விண்ணப்பிக்கிறவருக்கு, முன்கூட்டியே இப்படிக் கடிதம் எழுதும் யோசனையை நான் சொல்ல மாட்டேன். எனக்கு அழைப்பு கைக்கு வந்துவிட்டது. அவர் தாளையோ காரணம் சொல்லாமல் ஓரங்கட்டலாம். வேலை உறுதியான பிறகு என்ன எருது வேண்டும் என்று கேட்டுக்கொள்ளட்டும்.

‘மேடையில் வலது ஓர நாற்காலி’ என்றும் கடிதத்தின் கடைசியில் சேர்த்திருந்தேன். கால் மணி நேரத்தில் அமைப்பாளர் பெண்ணிடமிருந்து பதில் வந்தது: “உங்களுக்கு வலதா சார், அவைக்கு வலதா?”