ஒரே சாலையில் மூன்று தலைநகரங்கள்

கேப் டவுனில் நாடாளுமன்ற வளாகத்தின் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. 2022 ஜனவரி 2ஆம் தேதி தேசிய அவை எரிந்துபோனது. அதிலிருந்து ஜனாதிபதியின் ஆண்டுத் தொடக்க உரையே பக்கத்துத் தெருக்களைத் தாண்டி இருக்கும் நகர மண்டபத்துக்குப் போய்விட்டது. வாசலில் நின்ற காவலரிடம், "உறுப்பினர்கள் எங்கே?" என்று கேட்டேன். "இன்று வியாழன். மாலை விமானத்தில் பாருங்கள்" என்றார்.

கிண்டலாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மாலை விமான நிலையம் போனதும்தான் அது தகவல் என்று புரிந்தது. ஜோகன்னஸ்பர்க் விமானத்துக்கான வரிசையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சக்கரப்பெட்டி இழுத்தபடி ஒரு கூட்டம். என் பக்கத்து இருக்கையில் ஒரு துறை அதிகாரி. ஊர் பிரிட்டோரியா. நாடாளுமன்றக் குழு கூப்பிட்டதால் வந்தாராம். குழு கேட்ட கேள்விகள் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டன. அதற்காக ஆறு பேர் வந்திருக்கிறார்கள். இரண்டு மணி நேர விமானம், ஓர் இரவு ஹோட்டல், வாடகைக் கார். "கொரோனாவுக்குப் பிறகு பாதிக் கூட்டம் திரையில் நடக்கிறது. மீதிப் பாதிக்கு இன்னும் பறக்கிறோம்" என்றார்.

தென்னாப்பிரிக்காவுக்கு மூன்று தலைநகரம் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். நிர்வாகம் பிரிட்டோரியா, சட்டம் இயற்றுவது கேப் டவுன், நீதி புளூம்ஃபொன்டெய்ன். மனப்பாடம் செய்ய வசதியான வரிசை. மூன்று ஊரையும் என்1 என்ற ஒரே நெடுஞ்சாலை கோக்கிறது. கேப் டவுனிலிருந்து பிரிட்டோரியாவுக்கு ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர். அதிகாரம் ஓரிடத்தில் குவியக் கூடாது என்ற தத்துவத்தில் யாரோ யோசித்துப் பிரித்தது போலத் தோன்றும். நடந்தது அதுவல்ல.

1908 அக்டோபரில் டர்பனில் நான்கு பிரிட்டிஷ் காலனிகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். கேப், நேட்டால், டிரான்ஸ்வால், ஆரஞ்சு நதிக் காலனி. ஒரே நாடாக இணைவதில் பேச்சு ஓரளவுக்கு நகர்ந்தது. தலைநகரம் எது என்ற இடத்தில் வந்து சிக்கியது. கேப் டவுனுக்கு வயதும் பழைய நாடாளுமன்றமும் இருந்தன. டிரான்ஸ்வாலிடம் தங்கம் இருந்தது. இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் பங்கு பிரித்தார்கள், அப்பன் விட்டுப்போன வீட்டைப் பிள்ளைகள் பிரிப்பது மாதிரி. அரசாங்கம் டிரான்ஸ்வாலின் பிரிட்டோரியாவுக்கு, நாடாளுமன்றம் கேப் டவுனுக்கு, மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆரஞ்சு நதிக் காலனியின் புளூம்ஃபொன்டெய்னுக்கு. 1910 மே 31இல் ஒன்றியம் பிறந்தது.

நேட்டாலின் தலைநகரமாக இருந்த பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கு எதுவும் கிடைக்கவில்லை. காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர் என்று நாம் அறிந்த அதே ஊர். அதற்குப் பணம் கொடுத்தார்கள். தலைநகர அந்தஸ்து போவதால் வளமும் வீட்டுவரி வருமானமும் குறையும் என்று ஒன்றியச் சட்டமே ஒப்புக்கொண்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க், புளூம்ஃபொன்டெய்ன் இரண்டு நகராட்சிகளுக்கும் அவற்றின் கடன்தொகையில் ஆண்டுக்கு 2 சதவீதம் மானியம், அதிகபட்சம் 25 ஆண்டுகளுக்கு என்று எழுதிவைத்தது. தலைநகரம் என்ற சொல்லுக்கு இவ்வளவு வெளிப்படையாக விலை போட்ட வேறொரு சட்டத்தை நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை பிரிட்டோரியா. மெயின்ட்ஜிஸ்கோப் குன்றின் மேல் யூனியன் பில்டிங்ஸ் அரைவட்டமாக வளைந்து கிடக்கிறது. இரு முனையிலும் இரு பெரிய பகுதிகள், இரு கோபுரங்கள். அன்றைய இரு வெள்ளை மொழிக் கூட்டத்தாரைக் குறிக்க அப்படிக் கட்டியதாகச் சொல்வார்கள். கறுப்பின மக்களுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. 1913இல் கட்டி முடித்த ஹெர்பர்ட் பேக்கர்தான் பிறகு புது டெல்லியில் செயலகக் கட்டடங்களையும் வடிவமைத்தவர். படியில் நின்று பார்க்கும்போது ரைசினா குன்று நினைவுக்கு வருவது தற்செயல் இல்லை. கீழே புல்வெளியில் ஒன்பது மீட்டர் உயர மண்டேலா கைவிரித்து நிற்கிறார், பள்ளிப் பிள்ளைகள் அவர் கால்விரலைப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள்.

ஆனால் இந்த ஊரைத் தலைநகரம் ஆக்குவது குன்று அல்ல, அதன் கீழே உள்ள தெருக்கள். தூதரகக் கொடிகள் வரிசையாக வருகின்றன. நிதித் துறை சர்ச் சதுக்கத்தில் இருக்கிறது. கோப்பு எழுதுபவர், கையெழுத்துப் போடுபவர், அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருப்பவர் எல்லாரும் இங்கே. வெளிநாட்டுத் தூதர் முதலில் எந்த ஊரில் வீடு தேடுகிறார் என்று பார்த்தால் போதும். வேடிக்கை என்னவென்றால் 1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தில் தலைநகரம் இது என்று ஒரு வரி இல்லை. நாடாளுமன்றத்தின் இருக்கை கேப் டவுன், வேண்டுமானால் சட்டம் இயற்றி மாற்றிக்கொள்ளலாம் என்பது மட்டுமே இருக்கிறது.

அப்படியானால் ஏன் மாற்றவில்லை? மாற்ற வேண்டிய காரணம் விமானத்தில் பார்த்த கூட்டத்திலேயே இருக்கிறது. அமைச்சர்களில் ஓரிருவர் தவிர மற்ற எல்லாரும் நாடாளுமன்ற உறுப்பினர்கள். அவைக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளும் துறையை நடத்த வேண்டிய ஆளும் ஒருவரே. ஒரே மனிதரை இரண்டு ஊரில் உட்காரவைத்தால் இரண்டு வீடு, இரண்டு அலுவலகம், இரண்டு கார் வேண்டும். முன்பு ஜனவரியில் துறைகளே ரயிலேறி கேப் டவுன் போய், கூட்டத்தொடர் முடிந்ததும் திரும்பி வரும். இரட்டைத் தலைநகரச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஜனாதிபதி ஜேக்கப் ஜூமாவே 2016 ஆண்டு உரையில் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. கட்டடம் எரிந்தபோதும் அதே பேச்சு எழுந்தது, அதே இடத்தில் திரும்பக் கட்டுவது என்று முடிந்தது. கேப் டவுனின் ஹோட்டலும் வாடகையும் வேலையும் அரசமைப்பின் அந்த ஒரு வரியில் தொங்குகின்றன. அதை மாற்ற எவருக்கும் துணிச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்1இல் தெற்கே கிளம்பினோம். காரை ஓட்டியவர் டர்பன்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர். அங்கே எல்லாரும் அவரை 'அங்கிள்' என்கிறார்கள். நான் அண்ணா என்று கூப்பிட்டேன், அது அவருக்குப் பிடித்திருந்தது. தமிழ் கொஞ்சம் புரியும், பேச்செல்லாம் ஆங்கிலம்தான். வால் நதிப் பாலத்தைத் தாண்டியதும் அவர் கை தானாக எரிபொருள் முள்ளைத் தட்டிப் பார்த்தது.

"சின்ன வயசுப் பழக்கம்" என்றார். "நதிக்கு இந்தப் பக்கம் ஃப்ரீ ஸ்டேட். அப்பா முன்னாடியே டேங்க் நிரப்பிடுவார். அம்மா சாப்பாடு கட்டிக்குவாங்க. நிக்காம ஓட்டணும்."

இன்றைய ஃப்ரீ ஸ்டேட் அப்போது ஆரஞ்சு சுதந்திர நாடு என்ற போயர் குடியரசு. 1891இல் அது, இந்தியர்கள் தன் மண்ணில் குடியிருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. குடியரசு போனது, பிரிட்டிஷ் காலனி வந்தது, ஒன்றியம் வந்தது. அந்தத் தடை மட்டும் 1980களின் நடுப்பகுதிவரை போகவில்லை. இந்தியர் அந்த மாகாணத்தின் வழியாகப் போகலாம், அனுமதிச் சீட்டு இல்லாமல் இரவு தங்கக் கூடாது. நாட்டின் நீதித் தலைநகரம் அந்த மாகாணத்தில்தான் இருந்தது.

திங்கள் காலை புளூம்ஃபொன்டெய்னின் பிரசிடென்ட் பிராண்ட் தெரு. 1929இல் திறந்த உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் மணற்கல்லில் அடக்கமாக நிற்கிறது. எதிரே குவிமாடத்தோடு பழைய குடியரசின் சட்டமன்றம். பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். பார்வையாளர் இருக்கையில் நாங்கள் இருவரும், எழுதிக்கொண்டிருந்த ஒரு மாணவியும். மேடையில் ஐந்து நீதிபதிகள், கீழே இரு தரப்பு வழக்கறிஞர்கள். வழக்கு ஏதோ நில ஒப்பந்தம். சாட்சி இல்லை, கூண்டு இல்லை, அழுகிற ஆள் இல்லை. கீழ்நீதிமன்றத்தில் நடந்ததெல்லாம் அச்சடித்துக் கட்டிய தொகுதிகளாக மேசைமேல் இருக்கிறது. எழுத்து வாதம் முன்பே வந்துவிட்டது. நீதிபதிகள் நடுவில் மறித்துக் கேள்வி கேட்பது மட்டுமே நேரில் நடக்க வேண்டிய வேலை. மதியத்துக்குள் முடிந்தது. வழக்குக்குச் சொந்தக்காரர்கள் யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

அந்த அறையில் உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. தலைநகரத்தைப் பங்குபோடும் நாடுகள் மூன்றாவது ஊருக்கு ஏன் நீதிமன்றத்தையே கொடுக்கின்றன என்ற கேள்விக்கு விடை இந்தக் காலி இருக்கைகள். மேல்முறையீடு காகிதத்தில் நடக்கும் காரியம். அதைத் தூக்கி வேறு ஊரில் வைத்தால் அரசாங்கத்துக்கு நோகாது. கொடுப்பவருக்குச் செலவு குறைவு, வாங்குபவருக்குப் பெருமை நிறைய. பொலிவியாவில் 1899இல் உள்நாட்டுப் போர் முடிந்து அரசாங்கமும் நாடாளுமன்றமும் லா பாஸுக்குப் போனபோது சுக்ரேயிடம் மிஞ்சியது உச்ச நீதிமன்றம். ஆந்திராவில் 2019 டிசம்பரில் ஜெகன்மோகன் ரெட்டி தென்னாப்பிரிக்காவைச் சுட்டிக்காட்டி மூன்று தலைநகரம் என்றபோது கர்னூலுக்கு ஒதுக்கியது உயர் நீதிமன்றம். அந்தத் திட்டம் நடக்கவில்லை என்பது வேறு கதை.

அந்தப் பெருமையும் புளூம்ஃபொன்டெய்னுக்கு முழுசாகக் கிடைத்தது கொஞ்ச காலம்தான். 1950வரை, சிறப்பு அனுமதி வாங்கினால் இங்கிருந்தும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போகலாம். 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்ததும் அரசமைப்புக்கென்று தனி நீதிமன்றம் வந்தது, அது ஜோகன்னஸ்பர்கில் அமர்ந்தது. இன்று அது இருப்பது காந்தியும் மண்டேலாவும் அடைபட்ட பழைய சிறை வளாகத்தில். 2013 முதல் எல்லா வகை வழக்குக்கும் அதுவே கடைசி. பாடப்புத்தகத்தில் புளூம்ஃபொன்டெய்ன் இன்னும் நீதித் தலைநகரம். கடைசித் தீர்ப்பு, தலைநகரப் பட்டியலிலேயே இல்லாத நான்காவது ஊரில்.

வெளியே படியில் நின்றபடி அண்ணா இஸ்மாயில் மகமதுவைப் பற்றிச் சொன்னார். பிரிட்டோரியாவில் பிறந்த இந்திய வம்சாவளி வழக்கறிஞர். இதே மன்றத்தில் பகலெல்லாம் வாதாடுவார். இரவு தங்க முடியாது, மாகாண எல்லையைத் தாண்டிப் போய்ப் படுத்துவிட்டு மறுநாள் திரும்ப வருவார். 1997இல் அவரே இந்த நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியாக வந்தார். "அவர் வந்த அன்னிக்கு எங்க தெருவில இனிப்பு கொடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை.

திட்டப்படி அன்று மாலையே டர்பன் கிளம்ப வேண்டும். விடுதிக்குத் திரும்பியதும் அவர் நேராக வரவேற்பு மேசைக்குப் போனார். முந்தைய இரவு பதிவேட்டில் நான்தான் எழுதியிருந்தேன். இந்த முறை பேனாவை அவரே வாங்கி, பெயரை முழுசாக எழுதி, புறப்படும் தேதி என்ற கட்டத்தில் புதன்கிழமைத் தேதியைப் போட்டார்.