கட்டுக் கூட்டல்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான்கைந்து இளைஞர்களோடு சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறார். பிள்ளைகள் நாற்பது பேர். ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் வேலை டீச்சருடையது. அந்த வேலைக்காகவே அவர் கணினியில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

முதலில் அவர் காட்டியது கணினியை அல்ல, பணியில் இருந்த காலத்து மார்க் ரிஜிஸ்டர் ஒன்றை. நீளவாட்டில் கோடு போட்ட பெரிய நோட்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு வரி, ஐந்து பாடத்துக்கு ஐந்து கட்டம், கடைசியில் ஐந்நூறுக்கு மொத்தம். பக்கத்தின் அடியில் ஒவ்வொரு பாடத்துக்கும் கீழ்க்கூட்டல். பாட மொத்தங்களைக் கூட்டினால் வரும் எண்ணும், பிள்ளைகளின் மொத்தங்களைக் கூட்டினால் வரும் எண்ணும் வலது மூலையில் ஒன்றாக வரவேண்டும். "டேலி ஆகாம ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கோம் தம்பி. ஒரு மார்க் உதைக்கும். எங்கேன்னு தெரியாது" என்றார். அந்த மூலையில் சிவப்பு மையால் இரண்டு கோடு இழுத்திருந்தது. டேலி ஆனதற்கு அடையாளம்.

பொங்கலுக்கு ஊர் வந்த பழைய மாணவர் ஒருவர்தான் கூகுள் ஷீட்டில் `Extensions` பட்டியலுக்குள் `Apps Script` இருப்பதைக் காட்டினார். டீச்சர் முதலில் பழகியது, பட்டியலை மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படிக்க வைப்பது. கணினி வரிசைகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்பது பலரைக் குழப்பும். இவரை அது குழப்பவில்லை. பூஜ்யமாவது வரியில் தலைப்பு இருக்கிறது, ஒன்றாவது வரியில் முதல் பிள்ளை. ரோல் நம்பரும் வரி எண்ணும் தானாகப் பொருந்திவிட்டன.

சிக்கல் வந்தது காலிக் கட்டத்தில். சமூக அறிவியல் விடைத்தாளில் 36 மட்டும் திருத்தி முடிந்திருந்த ஒரு நாள், நிரலை ஓட்டிப் பார்த்திருக்கிறார். வகுப்புச் சராசரி 54.9 என்று வந்தது. ஷீட்டின் அடியில் `AVERAGE` சூத்திரம் காட்டியதோ 61. அதே மதிப்பெண்கள், இரண்டு சராசரிகள். சூத்திரம் காலிக் கட்டங்களை விட்டுவிட்டு, 2196 மதிப்பெண்ணை 36 பேருக்கு வகுத்திருந்தது. நிரல் `Number("")` என்பதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு 40 பேருக்கு வகுத்திருந்தது. திருத்தவே ஆரம்பிக்காத நான்கு தாள்களின் சொந்தக்காரர்கள் பூஜ்யம் வாங்கித் தோற்றவர்களாகப் பட்டியலில் நின்றார்கள்.

ரிஜிஸ்டரில் இந்தக் குழப்பம் வராது. காலிக் கட்டம் என்றால் இன்னும் எழுதவில்லை. பிள்ளை தேர்வுக்கு வரவில்லை என்றால் AB. எழுதியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்தான் பூஜ்யம். மூன்றும் மூன்று நிலைகள், மூன்றுக்கும் ஆசிரியர் செய்யவேண்டியது வேறு வேறு. நோட்டுக்குத் தெரிந்த அந்த வித்தியாசத்தை டீச்சர் நிரலுக்குள் எழுதி வைத்தார்:

```
function nilai(v) {
  if (v === "") return "நிரப்பவில்லை";
  if (v === "AB") return "வரவில்லை";
  if (typeof v !== "number" || v < 0 || v > 100) return "பிழை";
  return v >= 35 ? "தேர்ச்சி" : "தோல்வி";
}
```

மூன்றாவது `if` வரி அனுபவத்தில் வந்தது. மதிப்பெண்களை இளைஞர்கள் கைபேசியில் பதிகிறார்கள். 40 என்பதில் பூஜ்யத்துக்குப் பதில் O எழுத்து விழுந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து கலந்துவிட்டால் இடப்பக்கம் ஒட்டிவிடும். திரையில் ஒரு நெட்டுக் கட்டத்தை விரலால் வருடிக்கொண்டே வந்து, வரிசை விலகி நின்ற ஒன்றை அவர் எனக்குக் காட்டினார். சிறு தேர்வின் மதிப்பெண்ணை 8/10 என்று பதிந்தால் ஷீட் அதைத் தேதியாக மாற்றிவிடுகிறது, அது வலப்பக்கமே நிற்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். நிரலுக்குத் தப்பாது.

எனக்கு அங்கே பெரிதாகப் பட்டது இதற்கு அடுத்தது. கணினியில் நெட்டுக் கூட்டலும் குறுக்குக் கூட்டலும் எப்போதும் டேலி ஆகும். இரண்டையும் அது ஒரே எண்களிலிருந்து, தப்பில்லாமல் போடுகிறது. 42 என்பதை 24 என்று பதிந்திருந்தாலும் டேலி ஆகும். ரிஜிஸ்டரின் மூலைக்கூட்டல் கண்டுபிடித்தது கூட்டும்போது வரும் தப்பை. இப்போது தப்பு பதிவில் வருகிறது, மூலைக்கு அது தெரியாது. "டேலி ஆச்சுன்னு இது சொன்னா அதுல அர்த்தமே இல்ல தம்பி. ஒரு கூட்டல் வெளியிலேர்ந்து வரணும்."

ஆகவே அவர் ஒரு விதி வைத்திருக்கிறார். தாள் திருத்தியவர் கட்டைப் பிரிக்காமல், மேலட்டையில் உள்ள மதிப்பெண்களைக் கையாலேயே கூட்டி, கட்டின் மேல் எழுதித் தரவேண்டும். இளைஞர்களுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. கணினி இருக்கும்போது கையால் ஏன் என்று கேட்டார்கள். அந்தக் கட்டுக் கூட்டல் ஷீட்டில் தனிக் கட்டத்தில் ஏறுகிறது. நிரல் தான் கூட்டியதை அதோடு ஒப்பிடும்.

நான் போயிருந்தபோது ஆங்கிலக் கட்டு வந்தது. கட்டின் மேல் 2312. திரையில் 2294. பதினெட்டு குறைகிறது. டீச்சர் உடனே, "ஒன்பதால வகுபடுது. இலக்கம் மாறியிருக்கும்" என்றார். பழைய கணக்குப்பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி இது. ஈரிலக்க எண்ணில் இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்கு, அதை ஒன்பதால் வகுத்தால் இரண்டு இலக்கங்களுக்கும் உள்ள இடைவெளி. பதினெட்டு என்றால் இடைவெளி இரண்டு: ஷீட்டில் 13, 24, 35, 46 என்று போகும் எண்களில் ஒன்று திருப்பிப் போடப்பட்டதாக இருக்கலாம். நாற்பது தாளையும் புரட்ட வேண்டாம். அந்தத் தேடலுக்கு அவர் எழுதியது இரண்டே வரி:

```
const t = (m % 10) * 10 + Math.floor(m / 10);
if (t - m === diff) names.push(name);
```

நான்கு பெயர்கள் வந்தன. பக்கத்தில் இருந்த இளைஞர் அந்த நான்கு தாள்களை மட்டும் உருவினார். மூன்றாவது தாளில் 42, ஷீட்டில் 24. தேர்ச்சி பெற்ற ஒரு பெண் தோற்றவர் பட்டியலில் இருந்தார். திருத்தியதும் 2312 வந்தது. "டீச்சரம்மா, டேலி" என்றார் அவர். முன்பு, கையால் கூட்டச் சொன்னதற்கு முணுமுணுத்தவர்களில் அவரும் ஒருவராம்.

இந்த வலையிலும் ஓட்டை உண்டு. வித்தியாசம் ஒன்பதால் வகுபடுவதாலேயே இலக்க மாற்றம் என்று உறுதியாகாது, வேறு தப்புகளும் அப்படி அமையலாம். ஒரு பிள்ளைக்கு ஐந்து கூடி இன்னொரு பிள்ளைக்கு ஐந்து குறைந்தால் கட்டுக் கூட்டல் சரியாகவே வரும், இரண்டு மதிப்பெண்ணும் தப்பாகவே நிற்கும். இதற்கு நிரலில் வழியில்லை என்பதை டீச்சர் ஒளிக்காமல் சொன்னார். அதனால் கடைசியாக, 30 முதல் 39 வரை வாங்கியவர்களின் பெயர்களை நிரல் தனித்தாளில் எடுத்துக் கொடுக்கிறது. அந்தப் பிள்ளைகளின் தாள்களைக் கட்டிலிருந்து எடுத்து, ஒருவர் மதிப்பெண்ணை உரக்கப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துச் சரி சொல்கிறார். அது முடியும்வரை பிள்ளைகளின் கையில் பட்டியல் போவதில்லை.