ஒட்டிக் கட்டுன விரல்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நம்ம ஊரு ஆலங்குடி பக்கம். மாட்டுப் பொங்கலன்னிக்கு சாயங்காலம் பொட்டல்ல கிரிக்கெட். பொட்டி தட்டுற கைக்கு வானத்துல போன பந்தைப் பிடிக்கிற ஆசை வரலாமா? வந்துச்சு. பந்து உள்ளங்கைக்கு வராம இடது மோதிர விரல் நுனியில நேரா வந்து குத்திச்சு. கொஞ்ச நேரத்துல நடு மூட்டு சுண்டைக்காய் மாதிரி வீங்கிடுச்சு.

"மாப்ள, நீட்டு. ஒரு இழுப்பு இழுத்தா சரியாயிடும்"னு ஒருத்தன் கையைப் பிடிக்க வந்தான். பெரியப்பா மகன் அண்ணன்தான் தடுத்தாரு. "தொடாதடா. முதல்ல மோதிரத்தைக் கழட்டு, வீங்குனப்புறம் வராது"ன்னாரு. அப்புறம் தன்னோட வலது நடுவிரலைக் காட்டினாரு. நுனி மூட்டு மட்டும் கொக்கி மாதிரி கீழே மடங்கியே இருக்கும்.

அவர் கதை இது. 2014-ல இதே பொட்டல்ல, இதே மாதிரி ஒரு கேட்ச். பெருசா வலி இல்ல, வீக்கமும் இல்ல. பக்கத்து விரலோட சேர்த்து ரெண்டு வாரம் பிளாஸ்திரி சுத்திட்டு வயல் வேலையைப் பார்த்தாரு. அவிழ்த்தப்போ நுனி நிமிரல. இன்னிக்கு வரைக்கும் நிமிரல.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்துட்டு டாக்டர்கிட்ட போனேன். எனக்கும் அதே ஜோடிக் கட்டுதான் போட்டாரு. "அண்ணனுக்குச் சரியா வராதது எனக்கு எப்படி சார் சரியாகும்?"னு கேட்டேன். அவர் சொன்னதுதான் இந்தப் பதிவு.

ஜோடிக் கட்டு விரலைப் பக்கவாட்டுல சாயவிடாது, பின்னாடி ரொம்ப வளையவிடாது. ஆனா மடக்கி நீட்ட விடும். நுனியை நிமிர்த்திப் பிடிக்கிற வேலையை அது செய்யாது. அண்ணனுக்கு அறுந்தது நுனியை நிமிர்த்துற தசைநார். 'மேலட் ஃபிங்கர்'னு பேரு. அதுக்கு நுனி மூட்டை மட்டும் நேரா வெச்சு ஒரு ஸ்ப்ளின்ட், ஆறிலேர்ந்து எட்டு வாரம், ராத்திரி பகல் கழட்டாம. நடுவுல ஒரு தடவை நுனி மடங்கினாலும் முதல் நாள்லேர்ந்து மறுபடி எண்ணணும். எனக்கோ நடு மூட்டுல உள்ளங்கைப் பக்கத் தசைநார் இழுபட்டிருந்துச்சு, அவ்வளவுதான். எலும்பும் உடையல.

டாக்டர் என்னைச் செய்யச் சொன்னது மூணு விஷயம். ஒண்ணு, நுனியைத் தானா நிமிர்த்த முடியுதா, மடக்க முடியுதா? ரெண்டு, விரலை மேசை விளிம்புல நடு மூட்டுல மடக்கி வெச்சு, அவர் மேலேர்ந்து அழுத்த, நான் நிமிர்த்தணும். நிமிர்த்துற பலம் இல்லாம நுனி மட்டும் விறைச்சா நடு மூட்டை நிமிர்த்துற நார் போயிருக்கு. அது ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான் வளைவாத் தெரிய வரும், அதனால ஏமாந்துடுவோம். மூணு, கையை மெதுவா மூடினா விரல் பக்கத்து விரல் மேல ஏறிக்குதா? ஏறினா உள்ள எலும்பு உடைஞ்சு திரும்பியிருக்கலாம். மூணும் சரியா இருந்து, எக்ஸ்ரேயும் சரியா இருந்தாத்தான் ஜோடிக் கட்டு போதும்.

இதுல வேடிக்கை, பயங்கரமா வளைஞ்சு போற இடப்பெயர்வுக்கும், டாக்டர் சரியா உள்ள ஏத்தி, மூட்டு ஆட்டம் காணாம இருந்தா, பல நேரம் ஜோடிக் கட்டே போதுமாம். ஆனா தோல் கிழிஞ்சா கதை வேற, உடனே ஆஸ்பத்திரி. 2025 ஜூன்ல லார்ட்ஸ்ல ஸ்டீவ் ஸ்மித், ஸ்லிப்புல ரொம்பக் கிட்ட நின்னு பவுமா கொடுத்த கேட்சைத் தவறவிட்டு, வலது சுண்டுவிரல்ல அப்படித்தான் வாங்கினாரு. தோல் கிழிஞ்ச இடப்பெயர்வு. அறுவை சிகிச்சை இல்லாம, ஸ்ப்ளின்ட்ல வெச்சுத்தான் சரி பண்ணாங்க.

அப்போ வலியும் பார்வையும் கணக்கே இல்ல. வலிக்காத அண்ணன் விரல் வளைஞ்சே நின்னுடுச்சு, வீங்குன என் விரல் நிமிர்ந்துடுச்சு.

கட்டுற விதமும் சொல்லிடறேன். மோதிர விரலை நடுவிரலோட சேர்த்தேன். ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா பஞ்சு, இல்லேன்னா வேர்த்துப் புண்ணாகும். ஒரு டேப் நடு மூட்டுக்குக் கீழே, இன்னொண்ணு மேலே. மூட்டு மேல ஒட்டக் கூடாது, மடங்கணும்ல. நகத்தை அமுக்கி விட்டா சிவப்பு உடனே திரும்பி வரணும். மரத்துப் போனா, நீலமானா அவிழ்த்துக் கட்டணும். நனைஞ்சா டேப்பை மாத்தணும். மூணு வாரம் கட்டு, கூடவே தினமும் மெதுவா மடக்கி நீட்டுறது. ரொம்ப நாள் அசையாம வெச்சா நடு மூட்டு இறுகிடும். வீக்கம் மட்டும் முழுசா வடிய மாசக்கணக்கு ஆச்சு.

ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு அண்ணன் என் விரலை வாங்கிப் பார்த்தாரு. "நுனி நிமிருதுல்ல? அப்ப சரி"ன்னு சொல்லிட்டு, தன் விரலைச் சட்டைப் பையில மறைச்சுக்கிட்டாரு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. மேல சொன்ன மூணுல ஒண்ணு இடிச்சாலும் எக்ஸ்ரேக்குக் கிளம்பிடுங்க, இழுத்து விட யாரையும் விடாதீங்க.