ஆடிக்காற்றில் ஓடிய பையன்கள்

தாத்தாவின் நோட்டு கணக்குப்பிள்ளை நோட்டு மாதிரி நீளமானது. சிவப்புத் துணி ஒட்டிய அட்டை. உள்ளே 1981 முதல் 1996 வரை, ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஓடிய பையன்களின் நேரங்கள். ஊரில் அவருக்கு இன்னும் பி.டி. வாத்தியார் என்றுதான் பெயர். ஓய்வுபெற்றுப் பல வருஷமாகியும் விசில் கயிறு ஆணியில்தான் தொங்குகிறது. நோட்டின் ஓரங்களைச் செல்லரிக்கத் தொடங்கியதால் அதை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குப் பத்துப் பக்கம் என்று கணக்கு.

ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி இருக்கும். பெயர், தேதி, தூரம், நேரம், கடைசியில் ஒற்றை எழுத்து: கா அல்லது மா. காலையா மாலையா என்பதற்கான குறி. எப்போதாவது ஓரத்தில் பென்சிலில் ஒரு வார்த்தை இருக்கும். ‘சோம்பல்.’ ‘காலில் முள்.’ ‘நடவு, வரவில்லை.’ ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் ஆடி முழுக்க இந்த நடவு வந்துகொண்டே இருக்கிறது. டெல்டாவில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகள் தொடங்குவதும் குறுவை தொடங்குவதும் ஒரே சமயம். எந்த அதிகாரி போட்ட அட்டவணையோ, நாற்றங்காலைப் பார்த்துப் போட்டதில்லை.

பாதி நோட்டு ஏறியதும் ஒன்று கண்ணை உறுத்தியது. ஜூலை, ஆகஸ்டில் நூறு மீட்டரில் ‘மா’ போட்ட நேரங்கள் எல்லாம் கொஞ்சம் கூடுதல் வேகமாக இருந்தன. மொத்தமாகச் சராசரி எடுத்தால் இதில் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. மாலையில் வருகிறவர்கள் நல்ல ஓட்டக்காரர்களாக இருந்தாலே மாலைச் சராசரி வேகமாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு பையனையும் அவனோடேயே ஒப்பிட வேண்டும். ஆடி ஆவணி மாத வரிகளை மட்டும் தனித் தாளில் பிரித்து, A-யில் பெயர், C-யில் தூரம், D-யில் கா/மா, E-யில் நேரம் என்று வைத்துக்கொண்டேன்.

```
=AVERAGEIFS(E:E, A:A, A2, C:C, 100, D:D, "மா")
```

இதே சூத்திரத்தில் "கா" போட்டு இன்னொரு பத்தி. பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். காலையிலும் மாலையிலும் ஓடிய நேரம் இருந்த பையன்கள் 23 பேர். அதில் 19 பேர் மாலையில் வேகம், பெரும்பாலும் கால் விநாடி அளவுக்கு. பதினொன்றரை, பன்னிரண்டு விநாடியில் ஓடுகிற பையனுக்குக் கால் விநாடி என்பது எல்லைக்கோட்டில் இரண்டு மீட்டர். இரண்டு மீட்டர் என்றால் பார்க்கிற யாருக்கும் சந்தேகமே வராத வெற்றி.

முதலில் தோன்றிய காரணம் உடம்பு. காலை எழுந்தவுடன் உடம்புச் சூடு குறைவு, தசை இறுகியிருக்கும், மாலையில்தான் யாரும் நன்றாக ஓடுவார்கள். இது உண்மைதான். ஆனால் உடம்புதான் காரணம் என்றால் அது தை மாசத்திலும் வேலை செய்ய வேண்டும் இல்லையா? ஜனவரிப் பக்கங்களில் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. இன்னொரு சோதனை நானூறு மீட்டர். அதே பையன்கள், அதே ஆடி மாசம், அதே மாலை. அங்கேயும் வித்தியாசம் காணோம்.

நானூறு மீட்டர் என்பது மைதானத்தை ஒரு முழுச் சுற்று. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் ஒரு நேர்கோட்டில் அது முதுகில் தள்ளும், எதிர்க்கோட்டில் மார்பில் அடிக்கும். கிட்டத்தட்ட ஈடாகிவிடும். நூறு மீட்டரில் அப்படி இல்லை, ஒரே பக்கம்தான் ஓட்டம். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவிடம் கேட்டேன்.

“தாத்தா, நூறு மீட்டர் எந்தப் பக்கம் ஓட விடுவீங்க?”

“மேற்கேருந்து கெழக்கே. கெழக்கால அரசமரத்து நிழல்ல நின்னுதான் நான் வாட்ச் புடிப்பேன். ஏன் ஆயி?”

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, கரூர், திருச்சி தாண்டி இந்த வயல்வெளியில் விழுகிற காற்று ஆடியில் மேற்கிலிருந்து வருகிறது. விடிகாலையில் சற்று அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற வலுக்கும், சாயங்காலம் தென்னை மட்டைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்து நிற்கும். அம்மியும் பறக்கும் என்று சொல்லிச் சொல்லி நமக்கெல்லாம் பழகிப்போன காற்று. அதைத்தான் தாத்தா பதினாறு வருஷம் ஸ்டாப்வாட்சில் பிடித்து நோட்டில் எழுதியிருக்கிறார், பையன்களின் பெயருக்கு எதிரே.

தடகளத்தில் இதற்கு விதி உண்டு. நூறு மீட்டருக்குப் பத்து விநாடி நேரம் காற்றை அளக்கிறார்கள். பின்னாலிருந்து தள்ளும் காற்று விநாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. நல்ல ஓட்டக்காரருக்கு இரண்டு மீட்டர் பின்காற்று ஏறக்குறைய 0.10 விநாடி லாபம். எதிர்க்காற்று அதே வேகத்தில் அடித்தால் நஷ்டம் அதைவிடச் சற்று அதிகம். காற்று இரட்டிப்பானால் லாபம் முழுசாக இரட்டிப்பாவதில்லை, கொஞ்சம் குறையும். மெதுவாக ஓடுகிறவர் காற்றில் அதிக நேரம் இருக்கிறார், அவருக்கு மாற்றமும் அதிகம். எங்கள் மைதானத்தில் காற்றுமானி கிடையாது. மாவட்டத்துக்கே அப்போது ஒன்று இருந்திருந்தால் ஆச்சரியம்.

பழைய முடிவுகளை வைத்தே காற்றைக் கண்டுபிடித்த பெரிய கதை ஒன்று இருக்கிறது. 1988 ஜூலை 16, ஏறக்குறைய நமக்கு ஆடி பிறக்கிற சமயம், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி. காலிறுதியில் ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 10.49 விநாடியில் ஓடினார். காற்றுமானி 0.0 காட்டியது. அதே நேரத்தில் பக்கத்தில் நடந்த மும்முறைத் தாண்டலின் மானி 4.3 மீட்டர் காட்டியது. நிக்கோலஸ் லின்தோர்ன் என்கிற இயற்பியலாளர் 1995இல் அந்த முடிவுகளை எடுத்து ஆராய்ந்தார். அந்த ஓட்டக்காரிகள் காற்று தெரிந்த மற்ற ஓட்டங்களில் என்ன நேரம் ஓடினார்கள், இந்த ஓட்டத்தில் எவ்வளவு வேகமானார்கள் என்று பார்த்தால் காற்று 5 முதல் 7 மீட்டர் வரை அடித்திருக்க வேண்டும் என்று வந்தது. ஜாய்னர் மறுநாள் இறுதிப் போட்டியில் 1.2 மீட்டர் காற்றில் ஓடிய 10.61 சந்தேகமில்லாத ஓட்டம். ஆனால் பதிவில் நிற்பது 10.49தான். தனி ஒருத்தியின் நேரம் எதையும் நிரூபிக்காது, கூட ஓடியவர்கள் எல்லோரும் சேர்ந்து வேகமாகும்போதுதான் காற்று வெளியே தெரிகிறது என்பதை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் நோட்டிலும் அப்படியொரு சாட்சி கிடைத்தது. 1987இல் கிழக்குப் பக்கம் கலையரங்கம் கட்டினார்கள். செங்கல்லும் மணலும் கொட்டிக் கிடந்ததால் அந்த வருஷம் ஆடியில் நூறு மீட்டரைத் தலைகீழாக, கிழக்கிலிருந்து மேற்கே ஓட விட்டிருக்கிறார். ஓரத்தில் ‘திசை மாற்றம்’ என்று பென்சில் குறிப்பு. அந்த வருஷம் மட்டும் மாலை நேரங்கள் காலையைவிட மெதுவு. உடம்புச் சூட்டுக் காரணம் அதோடு விழுந்தது.

இதெல்லாம் கணக்குப் புதிர் மட்டும் என்றால் தாத்தாவிடம் காட்டிச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். 1984ஆம் வருஷப் பக்கத்தில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். ஒருவன் பள்ளிக்கூடத்தை ஒட்டிய தெரு. மாலையில் இருட்டும்வரை மைதானத்தில் கிடப்பவன். ஆகஸ்டில் அவனுடைய சிறந்த நேரம் 11.5, மா. இன்னொருவன் புதாற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன். மணி அடித்ததும் மாட்டுக்கும் மடைக்கும் ஓட வேண்டும். அவனுக்கு ஆகஸ்ட் முழுக்கக் ‘கா’ தவிர வேறு இல்லை. சிறந்த நேரம் 11.8. விளையாட்டு விடுதித் தேர்வுக்கு ஒரு பெயர் அனுப்ப வேண்டியிருந்தது. முதல் பையன் பெயருக்குக் கீழே கோடு போட்டிருக்கிறார். இரண்டாவது பெயருக்கு நேரே: ‘0.3 குறைவு. அடுத்த வருஷம்.’

அடுத்த வருஷப் பக்கங்களில் அந்தப் பெயர் இல்லை.

ஜனவரியில், தேர்வெல்லாம் முடிந்த பிறகு, இருவரும் ஒரே காலையில் ஒன்றாக ஓடியிருக்கிறார்கள். முதலாமவன் 11.8, இரண்டாமவன் 11.7. இதை வைத்து இரண்டாமவன்தான் வேகமானவன் என்று சொல்ல முடியாது. கையால் அழுத்துகிற வாட்சில் ஒரு பத்தில் ஒன்று என்பது விரலின் பிழை. மரக்கட்டைக் கிளாப்பரின் சத்தத்தைக் கேட்டு அழுத்தினால் நூறு மீட்டர் தூரத்துக்குச் சத்தம் வந்து சேரவே 0.3 விநாடி ஆகும், அவ்வளவும் பையனுக்கு இலவசம். தாத்தா கட்டைகள் சேர்வதைக் கண்ணால் பார்த்து அழுத்துகிறவர். ஆனாலும் 0.1 ஒன்றுமில்லை. இருவரும் சமம் என்பதற்கு மேல் அந்த நோட்டு எதுவும் சொல்லாது. ஆகஸ்டில் இருந்த 0.3 இடைவெளி காலை, மாலை என்கிற இடைவெளிதான். வீட்டில் மாடு இல்லாதவனுக்கு மாலைக் காற்று கிடைத்தது.

தாத்தாவிடம் சொல்வதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எண்பத்து நாலு வயசு. பிறகு லேப்டாப்பைத் திண்ணைக்கே கொண்டுபோனேன். எழுத்தைப் பெரிசாக்கிக் காட்டினேன். அந்த 1984 வரிகளை விரலால் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தார்.

“காத்து எல்லாருக்கும் ஒண்ணுதானேன்னு நெனைச்சிட்டேன்.”

“ஒரே ஹீட்ல ஓடினா ஒண்ணுதான் தாத்தா. நீங்க நேரத்தைப் பாத்துல்ல அனுப்பினீங்க.”

“நேரம் பொய் சொல்லாதுன்னு சொல்லித்தான் பசங்கள வளத்தேன்.” வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார். “அவன் வீட்டுக்குப் போயி ‘வாடா, நாலு நாள் சாயங்காலம் ஓடு’ன்னு கேட்டிருக்கலாம். அவங்கப்பா விட்டிருக்க மாட்டாரு. ஆனா கேட்டிருக்கலாம்.”

அந்தப் பையன் இப்போது எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. திருப்பூர்ப் பக்கம் போனதாக யாரோ சொன்னார்களாம். தேடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “தேடி என்னன்னு சொல்லுவ? காத்துன்னா?” என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை.

கோப்பில் இப்போது ஒரு பத்தி கூடியிருக்கிறது. திசை, பருவம், காலை மாலை மூன்றையும் வைத்து ‘பின்காற்று இருக்கலாம்’ என்று குறி. எந்த நேரத்தையும் திருத்தவில்லை. அன்றைக்கு அந்த ஐந்து மணிக்கு மரம் ஆடாமல் நின்றதா என்று யாருக்குத் தெரியும். சராசரிக்குச் செல்லுபடியாகிற கணக்கை ஒரு பையனின் ஒரு ஓட்டத்துக்குப் போட்டால் அது ஜோசியம்.

மறுநாள் காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே தாத்தா நோட்டைத் திறந்து வைத்திருந்தார். நான் இன்னும் ஏற்றாத, நீளம் தாண்டுதல் பக்கங்கள்.

“ஆயி, இதையும் போட்டுப் பாக்கணும்.”

“குழி எந்தப் பக்கம் தாத்தா?”

“மேற்கால,” என்றார். “காத்துக்கு எதிர்க்க ஓடிவந்து தாண்டணும்.”