ஸ்லைடில் எழுதாமல் விட்ட தொகை

கோவையில் சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. பில் போடும் மென்பொருள் செய்து விற்கிறோம். அப்போது நிறுவனத்தில் மொத்தம் ஏழு பேர். கடைக்காரர்களின் போனை எடுத்துப் பதில் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். லிங்க்டினிலும் இன்ஸ்டாகிராமிலும் போட ஆறு ஸ்லைடில் ஒரு கேரோசலை நானே உட்கார்ந்து செய்தேன். அதில் இரண்டு தவறுகள் செய்தேன்.

முதலாவது, தகுதிகள் பகுதி. பெரிய நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்து அப்படியே எடுத்தேன். பட்டப்படிப்பு, சரளமான ஆங்கிலம், எஸ்.க்யூ.எல்., இரண்டு வருட அனுபவம். உண்மையில் அந்த நாற்காலியில் நடக்கும் வேலை வேறு. 'பில்லு பிரிண்ட் ஆகலைங்க' என்று கவுண்டரில் ஆள் நிற்கும்போது பதறிக் கூப்பிடும் கடைக்காரரிடம் பொறுமையாகப் பேச வேண்டும். திரும்ப வந்த சரக்குக்கு கிரெடிட் நோட் எப்படிப் போடுவது என்று தமிழில் சொல்லத் தெரிய வேண்டும். எக்செல் கொஞ்சம் தெரிந்தால் போதும். எஸ்.க்யூ.எல். அந்த மேசையில் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. எங்கள் மென்பொருளில் தினமும் பில் போடுகிற கடைப் பெண் ஒருவரிடம் பிறகு, 'நீங்க ஏன் அப்ளை பண்ணலை?' என்று கேட்டேன். 'டிகிரின்னு போட்டிருந்துச்சே சார், நமக்கில்லைன்னு விட்டுட்டேன்' என்றார். அந்த வேலையை எங்களில் பலரைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் அவர்.

இரண்டாவதுதான் பெரிய தவறு. ஸ்லைடு செய்வதற்கு முன்பே இந்த வேலைக்கு மாதம் 22,000 ரூபாய் என்று பட்ஜெட் போட்டு வைத்திருந்தேன். ஆனால் சம்பளம் என்ற இடத்தில் 'இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்டு படி' என்று எழுதினேன். தொகை முடிவாகாததால் அப்படி எழுதவில்லை. வருகிறவர் குறைவாகக் கேட்டால் மிச்சம்தானே என்ற கணக்கு. கடைசி ஸ்லைடில் விண்ணப்பப் படிவத்துக்கான முகவரி. அந்தப் படிவத்தில் கட்டாயம் நிரப்ப வேண்டிய கேள்வி: 'தற்போதைய சம்பளம் எவ்வளவு?' என் பக்கத்துத் தொகையை மறைத்துவிட்டு அவர்கள் பக்கத்துத் தொகையை மட்டும் கேட்டு வாங்கினேன்.

தேர்வான பெண் அதில் 14,000 என்று எழுதியிருந்தார். நான் 15,500 சொன்னேன். பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றம் என்று சந்தோஷமாகச் சேர்ந்தார். மாதம் 6,500 ரூபாய், வருடத்துக்கு 78,000 ரூபாய் அவருக்குச் சேராமல் என்னிடம் நின்றது. அதைச் சாமர்த்தியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் அதே வேலைக்கு இன்னொருவர் தேவைப்பட்டபோது, நல்ல ஆட்கள் சம்பளம் போடாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது புரிந்திருந்தது. புதிய கேரோசலின் இரண்டாவது ஸ்லைடிலேயே '20,000 முதல் 24,000 வரை' என்று போட்டேன். மறுநாள் காலை அந்தப் பெண் போனை நீட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். 'சார், இது நான் பாக்குற வேலைதானே?' என்று கேட்டார். குரல் உயரவில்லை. ஆமாம் என்று சொல்வதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. உள்ளே இருப்பவரின் சம்பளத்தைச் சரிசெய்யாமல் வெளியே தொகையை அறிவிக்கக்கூடாது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அந்த மாதமே அவர் சம்பளத்தை 22,000 ஆக்கினேன். சேர்ந்த நாளிலிருந்து வந்த வித்தியாசத்தைத் தவணையில் கொடுத்து முடித்தேன். ஆனாலும் அவர் பிறகு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது எங்கள் ஸ்லைடுகளில் தொகை இருக்கிறது. கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை மூன்று, இங்கே வந்து கற்றுக்கொள்ளக்கூடியவை தனி. படிவத்தில் பழைய சம்பளக் கேள்வி இல்லை. பயோடேட்டாவை ஏற்றச் சொல்லும் கேள்வியையும் எடுத்துவிட்டோம். கூகுள் படிவத்தில் அது இருந்தால் கூகுள் கணக்கில் நுழைந்தே தீர வேண்டும், பலர் அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஒரு வாட்ஸ்அப் எண் கொடுத்து, தங்கள் குரலில் பேசி ஒரு சின்னப் பதிவு அனுப்பச் சொல்கிறோம். எங்கள் வேலைக்கு அதுவே நல்ல தேர்வு.

வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்லைடில் சம்பளம் இல்லையென்றால், முதல் போனிலேயே 'இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க?' என்று கேளுங்கள். அவர்களிடம் தொகை இருக்கும். பழைய சம்பளச் சீட்டைப் பிறகு கேட்டால் மறைக்க வேண்டாம். ஆனால் அதற்கு முன்பே உங்கள் எதிர்பார்ப்பைச் சொல்லிவிடுங்கள்.